கணக்கின் சொந்தக்காரரும் எங்கட சொந்தக்காரரும்

தமிழில் 'சொந்தக்காரர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் என்றால் வீட்டை உடையவர். சொந்தக்காரர் வருகினம் என்றால் உறவுகள் வருகிறார்கள், சோறு கூடப் போட வேண்டும். இந்த இரண்டு ஆட்களும் ஒருவராகவே இருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. எங்கட மாமா ஆறு வருசமாக அப்படித்தான் இருந்தார். ஸ்கார்பரோவில் இருந்து மாதாமாதம் அவருடைய கார்ட்டில் காசு வெட்டுப்படும். யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டு டிவியில் அம்மா கொரிய நாடகம் பார்ப்பா. அதை வீட்டில் 'கனடாக் கணக்கு' என்றுதான் சொல்லுவோம், ஏதோ வங்கிக் கணக்கு மாதிரி.

போன வருசம் ஒரு நாள் அந்தக் கணக்கின் கடவுச்சொல் மாறியது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்படி நடந்த வீடுகள் எங்கட ஊரில் நிறைய என்பது பிறகு வளாகத்தில் கதைத்தபோதுதான் தெரிந்தது. ஆனால் ஒருவரும் வெளியில் சொல்லுவதில்லை. படம் பார்க்க முடியாமல் போனதை ஒரு கவலையாகச் சொல்ல வெட்கம். அதனால்தான் இதை எழுதுகிறோம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதைத் திருப்பிச் சரிசெய்வது ஏன் நினைத்த அளவு லேசாக இல்லை என்பதை மட்டும் சொல்லுவோம். எங்கட சேவையின் பெயர் தேவையில்லை. இந்த விசயத்தில் எல்லாச் சேவைகளும் இப்போது ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகின்றன.

முதலில் அந்தக் கணக்கு எப்படி ஓடியது என்று சொல்ல வேண்டும். மாமா எடுத்திருந்தது ஒரே நேரத்தில் நாலு திரையில் பார்க்கக்கூடிய திட்டம். புரொஃபைல் ஐந்து வைக்கலாம். மாமாவும் மாமியும் ஒன்று, மச்சாளுக்கு ஒன்று, சின்ன மச்சானுக்கு ஒன்று, லண்டனில் இருக்கிற பெரியம்மாவுக்கு ஒன்று. ஐந்தாவதின் பெயர் JAFFNA. ஒரு ஊரையே ஒரு புரொஃபைலுக்குள் அடைத்து வைத்திருந்தார் மாமா. அந்த ஊருக்குள் நாங்கள், அம்மா, அம்மம்மா, கொழும்பில் இருக்கிற சின்னம்மா குடும்பம் எல்லாரும் அடக்கம். அதனால் 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் அம்மாவின் நாடகம், தம்பியின் அனிமே, சின்னம்மா வீட்டுப் பிள்ளைகளின் கார்ட்டூன் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும்.

நாலு திரைக்கு மூன்று நாட்டு ஆட்கள் என்றால் அடிபாடு வரத்தானே வேண்டும்? வந்தது குறைவு. காரணம் நேர வித்தியாசம். கோடைகாலத்தில் ரொறன்ரோவை விட நாங்கள் ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு. எங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் அங்கே காலை பத்தரை, எல்லாரும் வேலையிலும் பள்ளிக்கூடத்திலும். லண்டனில் பின்னேரம் மூன்றரை. பூமி சுற்றுகிற சுற்றில் எங்கட திரைகள் ஒன்றை ஒன்று முட்டாமல் தப்பிவிடும். ஒரே ஒரு சிக்கல் ஞாயிறு காலமை. எங்களுக்கு ஆறரை மணி என்றால் அங்கே சனி இரவு ஒன்பது. அவையள் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு திரையோடு இருக்கிற நேரம். அம்மம்மா விடிய எழும்பிப் போட்டால் "ஆட்கள் கூடிப்போச்சு" என்ற மாதிரி ஒரு செய்தி வரும். அம்மம்மா அதைப் பார்த்து, "அங்க எல்லாரும் வீட்டில நிக்கினம் போல" என்பா. அதுவும் ஒரு சுகம் விசாரிப்புத்தான்.

இன்னொரு விசயமும் உண்டு. காசு எந்த நாட்டில் கட்டப்படுகிறதோ அந்த நாட்டு விலை. ஆனால் படங்களின் பட்டியல் நீங்கள் எந்த நாட்டில் இருந்து பார்க்கிறீர்களோ அந்த நாட்டுப் பட்டியல். கணக்கு கனடாவுடையது, ஆனால் எங்கட டிவியில் வந்தது இலங்கைப் பட்டியல். மச்சாள் சொல்லும் சில படங்கள் எங்களுக்கு வராது. எங்களுக்கு வருகிற சிலது அவளுக்கு இல்லை. "ஒரே கணக்குத்தானே, ஏன் இல்லை?" என்று இரண்டு பக்கமும் சண்டை பிடித்த காலமும் உண்டு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. இரவு ஏழரை மணி. அம்மா பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தில் பதினாறு பாகம், பதினோராவது அன்றைக்கு. டிவியைப் போட்டால் "யார் பார்க்கிறீர்கள்?" என்று புரொஃபைல்களைக் காட்டும் இடத்தில், மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு வெறும் பக்கம் நின்றது. முதலில் டிவியில் பிழை என்றே நினைத்தோம். ஏனென்றால் தம்பியின் போனில் அதே கணக்கு வேலை செய்தது. கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் கழித்து அதுவும் நின்றது. எங்களில் வளாகத்து விடுதியில் இருந்த ஆளின் போனில் மட்டும், டேட்டா போடாமல் இருந்ததால், தரவிறக்கி வைத்த இரண்டு பாகங்கள் அடுத்த நாள் வரை இருந்தன. டேட்டா போட்டவுடன் அவையும் போய்விட்டன.

இந்த ஒழுங்கே ஒரு தடயம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கணக்கின் சொந்தக்காரர் கடவுச்சொல்லை மாற்றும்போது, எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேற்றவா என்று கேட்கும் ஒரு சின்னப் பெட்டி அதே பக்கத்தில் இருக்கும். அதில் சரி போட்டால், சேவை ஒவ்வொரு கருவிக்கும் கொடுத்து வைத்திருந்த அனுமதியை இரத்துச் செய்யும். அந்தச் செய்தி எல்லாக் கருவிக்கும் ஒரே நொடியில் போய்ச் சேருவதில்லை. சேவையோடு திருப்பிக் கதைக்கிற நேரத்தில்தான் கருவிக்கு அது தெரியவரும். அதனால்தான் டிவி முதலில், போன் பிறகு, இணையமே இல்லாத போன் கடைசியில். பெட்டியில் சரி போடாவிட்டால் ஏற்கனவே உள்ளே இருக்கிற டிவி கன நாள் ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கவும் கூடும்.

கடவுச்சொல் மாறிவிட்டதா, வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பழைய கடவுச்சொல்லைப் போட்டவுடன் உள்ளே விட்டால், சொந்தக்காரர் கருவியை மட்டும் வெளியேற்றியிருக்கிறார், அல்லது அப் தானாக வெளியேறியிருக்கிறது. உள்ளே விட்டு, ஆனால் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்றால் அது திரைக் கணக்கு, கொஞ்சம் பொறுத்தால் சரி. உள்ளே விட்டு, காசு கட்டும் விபரத்தைப் புதுப்பிக்கச் சொன்னால் கார்ட்டில் பிரச்சினை. இந்தக் கருவி இந்த வீட்டைச் சேர்ந்தது இல்லை என்றால் அது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறோம். கடவுச்சொல்லே பிழை என்று சொன்னால் மட்டும்தான் அது மாறியிருக்கிறது.

எங்களுக்கு வந்தது கடைசியாகச் சொன்னது. நாட்காட்டியின் பின்பக்கம் அம்மா எழுதி வைத்திருந்த கடவுச்சொல்லை, ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாக மூன்று தரம் அடித்துப் பார்த்தோம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் பார்த்தாயிற்று. பிழை, பிழை, பிழை.

கீழே 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா' என்று ஒரு பொத்தான். தம்பி அதை அமத்தப் போனான். "அமத்தாத!" என்று அம்மா கத்தினதில் அம்மம்மா பயந்து போனா. அந்தப் பொத்தானை அமத்தினால் புதுக் கடவுச்சொல் வைக்கும் இணைப்பு எங்களுக்கு வராது, மாமாவின் மின்னஞ்சலுக்கோ போனுக்கோதான் போகும். கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டதோ அவர்தான் சொந்தக்காரர். ஆறு வருசம் பார்த்தாலும் மற்ற எல்லாரும் விருந்தாட்கள். அம்மாவுக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஆனால் அந்தப் பொத்தான் மாமாவிடம் ஒரு கேள்வியைக் கொண்டுபோய் வைக்கும் என்பது தெரிந்திருக்கிறது. "அவன் வேணுமெண்டு மாத்தியிருந்தா? நாங்கள் போய்க் கேட்டு அவனைச் சங்கடப்படுத்துறதே?"

அடுத்த எட்டு நாளும் இந்த ஒரு கேள்விதான் வீட்டில். ஏன் மாத்தினவர்? மாமிக்குப் பிடிக்கவில்லையோ? போன மாதம் அப்பா வருத்தமாக இருந்தபோது மாமா அனுப்பின காசுக்கு நாங்கள் சரியாக நன்றி சொல்லவில்லையோ? அவருக்கு வேலை போய்விட்டதோ? லண்டன் பெரியம்மாவிடம் கேட்கலாம் என்றால், அவவுக்கு மட்டும் புதுக் கடவுச்சொல் போயிருந்தால் அது இன்னும் அவமானம். அம்மா நாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தா. நாடகத்தின் பதினோராவது பாகத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

வெளிநாட்டுக் காசில் ஒரு பகுதியாவது ஓடுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த மௌனம் விளங்கும். காசு வரும்போது வாங்குவதற்கு எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. "ஏன் இவ்வளவு அனுப்பினனீ" என்று ஒரு வார்த்தை, பிறகு என்னத்துக்குச் செலவழித்தது என்று ஒரு கணக்கு. வராமல் விடும்போது கேட்பதற்கு ஒரு முறையும் இல்லை. கொடுத்தது நின்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை என்று பழகியிருக்கிறோம். அது ஆயிரம் டொலராக இருந்தாலும் ஒரு கடவுச்சொல்லாக இருந்தாலும் ஒன்றுதான்.

கேட்டது அம்மம்மா. வழமையான வட்ஸ்அப் அழைப்பில், சாப்பாடு, குளிர், கால் நோ எல்லாம் கதைத்து முடிய, "மோனே, இங்க டிவில நாடகம் வருதில்லையடா" என்றா. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டா. மாமா கொஞ்ச நேரம் விளங்காமல் நின்றார். பிறகு தலையில் கை வைத்தார். "ஐயோ, அதில நீங்களும் நிக்கிறியள் எண்டதை நான் யோசிக்கேல்லை."

நடந்தது இதுதான். யாரோ ஒரு தெரியாத நாட்டில் இருந்து கணக்குக்குள் நுழைந்ததாக மாமாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவர் அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வேறு பல இடங்களுக்கும் வைத்திருந்தவர். எங்கேயோ ஒரு தளத்தில் இருந்து கடவுச்சொற்கள் களவு போனால், அவற்றை வாங்குகிற ஆட்கள் அதே சோடியை மற்ற எல்லாச் சேவைகளிலும் தானாக அடித்துப் பார்க்கும் நிரல்களை ஓட்டுவார்கள். ஒரு இடத்தில் திறந்தால் போதும். வேலையிடத்தில் ஒருவர் இதை விளங்கப்படுத்தி, இன்றைக்கே எல்லாவற்றையும் மாற்று, எல்லாக் கருவியையும் வெளியேற்று என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமா இருந்து ஒவ்வொன்றாக மாற்றினார். எங்கட ஏழரை மணி அதுதான். அவர் செய்தது முழுக்கச் சரியான வேலை. களவாளியை வெளியில் தள்ளும்போது நாங்களும் சேர்ந்து போனோம். பெரியம்மாவும்தான். அவவும் லண்டனில் இருந்து எட்டு நாளாக எங்களைப் போலவே யோசித்துக்கொண்டு, எங்களிடம் கேட்காமல் இருந்திருக்கிறா.

அப்படியென்றால் புதுக் கடவுச்சொல்லை அனுப்பினால் கதை முடிந்ததுதானே? மாமா உடனே அனுப்பினார். தம்பி அடித்தான். இந்த முறை கடவுச்சொல் சரி. ஆனால் இந்த டிவி கணக்கு வைத்திருப்பவரின் வீட்டைச் சேர்ந்தது இல்லை என்று வந்தது. பழைய அனுமதியில் ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் எங்களை அது கேட்கவில்லை. புதிதாக நுழையப் போனபோது கேட்டது.

இந்த 'வீடு' என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் நெட்பிளிக்ஸில் போய் நிற்கிறது. 2017இல், அன்பு என்றால் கடவுச்சொல்லைப் பகிர்வது என்ற பொருளில் டுவிட்டரில் எழுதிய கம்பனி அது. 2022இன் முதல் காலாண்டில், பத்து வருசத்துக்கு மேலாக இல்லாத மாதிரி அதன் சந்தாதாரர் தொகை குறைந்தது, ஏறக்குறைய 2 இலட்சம். அந்த நேரத்திலேயே, காசு கட்டாமல் அடுத்தவர் கணக்கில் பார்க்கும் வீடுகள் 10 கோடிக்கு மேல் என்று பங்குதாரர்களுக்குச் சொன்னார்கள். அந்த 10 கோடிக்குள் எங்கட ஊரும் இருந்தது. 2022இல் சிலி, பெரு, கொஸ்தாரிக்கா ஆகிய நாடுகளில் பரீட்சித்து, 2023 பெப்ரவரியில் கனடாவுக்கும், மே மாதத்தில் அமெரிக்காவுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கும் கொண்டுவந்தார்கள். டிஸ்னி போன்ற மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

இந்த முறையில் வீடு என்றால் ஒரே இடத்தில் இருந்து ஒரே இணையத் தொடர்பில் பார்க்கும் ஆட்கள். ஐபி முகவரி, கருவியின் அடையாளம், கணக்கு பாவிக்கப்படும் விதம் ஆகியவற்றை வைத்து அது கணிக்கப்படும். டிவிதான் முக்கியம், ஏனென்றால் டிவி நடமாடாது. வெளியில் இருக்கும் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்றால் மேலதிக உறுப்பினர் என்று மாதம் தனியாகக் கட்டலாம். கனடாவில் தொடங்கியபோது 7.99 கனேடிய டொலர். மாமா அதைக் கட்டத் தயார். ஆனால் மேலதிக உறுப்பினரும் கணக்கு இருக்கும் அதே நாட்டில் இருக்க வேண்டும். ஸ்கார்பரோவில் பக்கத்துத் தெருவில் இருக்கும் தெரியாத ஆளைச் சேர்க்கலாம், யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயைச் சேர்க்க முடியாது.

பயணத்தில் இருக்கிறோம் என்று சொல்லித் தற்காலிகமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு குறியீடு சொந்தக்காரரின் மின்னஞ்சலுக்கோ போனுக்கோ போகும், அதை எங்கட டிவியில் அடிக்க வேண்டும். நெட்பிளிக்ஸில் அதன் ஆயுள் 15 நிமிடம். எங்கட சேவையிலும் அதே மாதிரி ஒன்று. ஒரு நாள் முயன்றோம். அம்மா நாடகம் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு மாமா களஞ்சியத்தில் வேலையில், போன் லொக்கருக்குள். அவர் இடைவேளையில் பார்த்து அனுப்பும்போது குறியீடு செத்துவிட்டது. திரைகள் முட்டாமல் ஆறு வருசம் எங்களைக் காப்பாற்றிய அதே ஒன்பதரை மணித்தியாலம் இப்போது எதிராக நின்றது.

எங்கட பெயரில் ஒரு கணக்கு எடுப்பதைப் பற்றியும் கதைத்தோம். அதற்குச் சர்வதேசக் கொடுப்பனவுக்குத் திறந்த கார்ட் வேண்டும், டொலரில் வெட்டுப்படும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரைக்கும் ஏறியதைப் பார்த்த வீடு இது. அம்மா ஒரே சொல்லில் வேண்டாம் என்றா.

அதோடு JAFFNA புரொஃபைலில் இருந்த பட்டியலும் எங்கட கையில் இல்லை. ஆறு வருசமாகப் பார்த்தது, பார்க்க வைத்திருந்தது எல்லாம் டிவியில் இல்லை, மாமாவின் கணக்கில் இருக்கிறது. சில சேவைகளில் ஒரு புரொஃபைலைப் புதுக் கணக்குக்கு எடுத்துச் செல்லலாம், ஆனால் உள்ளே நிற்கும்போதுதான் அதைத் தொடங்க முடியும். பூட்டிய கதவுக்கு வெளியில் நின்று செய்ய முடியாது. இன்னும் உள்ளே இருப்பவர்கள் பட்டியலையாவது போனில் படம் எடுத்து வையுங்கள். தந்தவரிடம், மாற்றினால் ஒரு சொல் சொல்லுங்கோ என்று இப்பவே கேட்டும் வையுங்கள். நிற்கும்போது கேட்பதை விட ஓடும்போது கேட்பது லேசு.

பெரியம்மாவும் அம்மாவும் இதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு தரம் கதைக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே எட்டு நாள் ஒரே பயத்தோடு இருந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, இன்னும் முடியவில்லை. கொரிய நாடகத்தின் மிச்சம் ஆறு பாகத்தையும் மச்சாள் பார்த்து, ஒவ்வொன்றையும் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அம்மாவுக்குச் சொன்னாள். அவளுடைய தமிழில் "அப்ப அந்த டொக்டர் வந்து, மாமி, அவர் ஸோ மீன்" என்று ஒரு பாகம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். பதினாறாவது பாகத்தின் பதிவு மட்டும் இருபத்திரண்டு நிமிடம். அம்மா அதை இரண்டு தரம் கேட்டா.